‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அக்கா’ என்பதற்கு ஏன் பதில் வரவில்லை?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 5 வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். முதல் 2 வருடம் என்னோடு வேலை செய்த ஓர் அக்கா இப்போது கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் இருக்கிறார். அங்கே தர உறுதிப்பாட்டு உதவியாளர் வெற்றிடம் ஒன்று லிங்க்ட்இன்னில் வந்திருக்கிறது. விண்ணப்ப முடிவு 28ஆம் திகதி. 5ஆம் திகதி அக்காவுக்கு “அக்கா எப்படி சுகம்? உங்க கம்பனியில வேகன்சி இருக்காம். எனக்கும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று எழுதினேன். லிங்க்ட்இன்னிலேயே பரிந்துரை கேட்கும் பொத்தானையும் அழுத்திவிட்டேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பத்து நாளாகப் பதில் இல்லை. மறுபடி எழுதலாமா? என்ன எழுதுவது? நான் வேலை தேடுவது இங்கே தெரிந்தால் பிரச்சினை.

பதில்: எழுதலாம். ஆனால் அதே செய்தியை “அக்கா, பார்த்தீங்களா?” என்று நினைவூட்டினால் பலன் இருக்காது. அக்காவுக்கு மனமில்லை என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். உங்கள் செய்தியை அவருடைய கைத்தொலைபேசியில் வைத்துப் பாருங்கள். எந்த வெற்றிடம் என்று அவர் தேட வேண்டும். அது யாருடைய பிரிவு என்று விசாரிக்க வேண்டும். உங்கள் சுயவிபரக்கோவையைக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அறிய வேண்டும். பிறகு முகாமையாளருக்கு உங்களைப் பற்றி நாலு வரி சொந்தமாக எழுத வேண்டும். இத்தனைக்கும் மேலாக, ‘பார்த்துச் சொல்லுங்க’ என்றால் யாரிடம், எதைச் சொல்வது என்பதையும் அவரே தீர்மானிக்க வேண்டும். வேலைக்கு நடுவே இதைப் படிப்பவர் “ராத்திரி ஆறுதலா பார்ப்போம்” என்று மூடி வைப்பார். ராத்திரி வரும்போது அதற்கு மேலே இன்னும் இருபது செய்திகள் வந்திருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நீங்கள் ஒரே நாளில் இரண்டு வேறு உதவிகளைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ‘சிபாரிசு’ என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. லிங்க்ட்இன்னில் அந்தப் பொத்தான் கேட்பது உங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி நிரந்தரமாக நிற்கும் ஒரு நற்சான்று. உங்களுக்கு இப்போது தேவைப்படுவது அதுவல்ல. கம்பனிக்குள் இருக்கும் ஒருவர் அந்தப் பிரிவுப் பொறுப்பாளரிடம் “இவரை எனக்குத் தெரியும், விண்ணப்பத்தைப் பாருங்கள்” என்று தனிப்பட்ட முறையில் சொல்லும் அறிமுகம்தான் தேவை. அறிமுகத்துக்கு அக்காவின் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நற்சான்றுக்கு அவர் உட்கார்ந்து யோசித்து, தன் பெயரைப் போட்டு, ஊர் பார்க்க எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பெரியது சின்னதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெற்றிடம் 28ஆம் திகதி மூடுகிறது என்பதால் முதலில் அறிமுகம் மட்டும். நற்சான்றைப் பின்னால் கேட்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அக்காவின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. உங்கள் 5 வருடத்தில் அவர் கண்ணால் பார்த்தது முதல் 2 வருடம் மட்டுமே. அப்போது நீங்கள் பயிலுனராகவோ புதிதாகச் சேர்ந்தவராகவோ இருந்திருப்பீர்கள். பிந்திய 3 வருடம் அவருக்கு இருட்டு. புதிய இடத்தில் அவர் பெயரை வைத்துத்தான் நீங்கள் உள்ளே போகிறீர்கள், நாளைக்குக் குறை வந்தால் “நீங்கள் சொன்ன ஆள்தானே” என்ற கேள்வி அவரிடம்தான் வரும். அவரே சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் தகுதிகாண் காலத்தில் இருந்தால், வாய் திறக்கவே தயங்குவார். ஆகவே அவர் பார்த்ததற்கு மட்டும் அவர் சாட்சி, பார்க்காததற்கு நீங்கள் பொறுப்பு என்று செய்தியிலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தயக்கத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

எழுதுமுன் மூன்று விடயங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது வெற்றிடத்தின் இணைப்பு. கணினியில் தேடல் பக்கத்திலிருந்து எடுத்தால் மிக நீளமான முகவரி வரும். அதில் `currentJobId=` என்பதற்குப் பிறகு உள்ள இலக்கத்தை மட்டும் எடுத்து இப்படி அமைத்தால் எந்தத் தொலைபேசியிலும் நேராக அந்த விளம்பரம் திறக்கும்:

```
linkedin.com/jobs/view/இலக்கம்
```

இரண்டாவது, விளம்பரத்தின் கீழே அதைப் போட்டவரின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். சில விளம்பரங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தால் அவர் மனிதவளப் பிரிவா, தரப் பிரிவா என்பதைக் கவனியுங்கள். அக்காவுக்கு மனிதவளப் பிரிவில் யாரையும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் தரப் பிரிவு முகாமையாளரோடு தினமும் ஒரே மேசையில் தேநீர் சுவை பார்ப்பவராக இருக்கலாம். மூன்றாவது சுயவிபரக்கோவை, பீ.டி.எஃப். ஆக, இரண்டு பக்கத்துக்குள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். ‘புதியது-கடைசி-2’ என்ற பெயரில் வந்த கோப்பை அக்கா அப்படியே மேலே அனுப்பினால் வெட்கம் இரண்டு பேருக்கும்தான்.

இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பல கம்பனிகளில் ஊழியர் வழியாக வரும் பெயரை விண்ணப்பம் உள்ளே வருமுன்னரே பதிய வேண்டும். நீங்கள் தனியாக அனுப்பிவிட்டால் பிறகு அக்காவின் பெயரை அதோடு சேர்க்க முடியாமல் போகலாம். அந்தக் கம்பனியின் முறை என்ன என்பது அக்காவுக்குத்தான் தெரியும், ஆகவே அதையும் செய்தியில் ஒரு கேள்வியாக வைத்துவிடலாம். ஆனால் 25ஆம் திகதியைத் தாண்டிக் காத்திருக்க வேண்டாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு நீங்களே விண்ணப்பித்துவிடுங்கள்.

அனுப்பும் நாளையும் பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் வழக்கமாகச் செவ்வாய், புதன் கிழமைகளில் நடக்கிறது. ஏற்றுமதிக் கம்பனியில் மாதிரி பார்க்கிறவர்கள் அதற்கு முந்திய நாட்களிலும் ஏல நாட்களிலும் தலை நிமிர மாட்டார்கள். வியாழன் பிற்பகல் அல்லது வெள்ளி காலை அனுப்பினால் படிக்கிறவருக்கும் பதில் எழுதக் கொஞ்சம் மூச்சு இருக்கும். நீங்கள் எழுதிய 5ஆம் திகதி எந்தக் கிழமை என்று நாட்காட்டியில் ஒருமுறை பாருங்கள்.

இப்போது செய்தி. வாட்ஸ்அப்பில் பேசுகிற உறவு இருந்தால் அங்கேயே எழுதலாம், தவறில்லை. ஆனால் உங்கள் பக்கத்தை அக்கா ஒரு தட்டில் திறந்து பார்க்கலாம் என்பதால் இந்தக் காரியத்துக்கு லிங்க்ட்இன் நல்லது. ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

> அக்கா, வணக்கம். போன முறை அவசரத்துல தெளிவில்லாம எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பரிந்துரை கேட்டு ஒரு அறிவித்தல் வந்திருக்கும், அதை இப்போதைக்கு விட்டுடுங்க.
>
> உங்க கம்பனியில தர உறுதிப்பாட்டு உதவியாளர் வெற்றிடம் வந்திருக்கு, 28ஆம் திகதி முடியுது. இணைப்பு கீழே இருக்கு. அந்தப் பிரிவு முகாமையாளருக்கு என்னை அறிமுகப்படுத்த உங்களுக்கு வசதிப்படுமா? நாம ஒன்னா வேலை செஞ்ச 2 வருசத்துல நீங்க பார்த்ததை மட்டும் சொன்னா போதும். அதுக்குப் பிறகு செஞ்சதை நானே கீழே ஆங்கிலத்துல எழுதியிருக்கேன், அப்படியே அனுப்பலாம். சுயவிபரக்கோவையும் இணைச்சிருக்கேன்.
>
> உங்க இடத்துல இப்போ இது சரிவராதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா, நான் நேரா விண்ணப்பிச்சுக்கிறேன், மனசுல ஒன்னும் வச்சுக்க மாட்டேன். 25ஆம் திகதி எப்படியும் விண்ணப்பிச்சுடுவேன். அதுக்கு முன்னாடி உங்க பக்கம் ஏதாவது பதிய வேணுமா?
>
> இங்க இன்னும் யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.

இதில் உங்கள் பேச்சுக்கு ஒத்துவராத சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள். அக்காவோடு நேரில் எப்படிப் பேசுவீர்களோ அந்தத் தமிழ்தான் இங்கே சரி. திடீரென்று ‘மதிப்பிற்குரிய அம்மணி’ என்று தொடங்கினால் யாரோ எழுதிக் கொடுத்தது போல இருக்கும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டாம். செய்திப் பட்டியலில் முதல் வரி மட்டுமே வெளியே தெரியும். நலம் விசாரிப்பை மட்டும் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது நம்மிடம் உள்ள மரியாதைப் பழக்கம். வேலைத் தளத்தில் அது எதிர்மாறாகத்தான் படும்: ‘ஏதோ கேட்கப் போகிறார், என்னவென்று தெரியவில்லை’ என்று படிப்பவர் ஒதுங்கிக்கொள்வார். கேட்க வேண்டியதை அதே செய்தியில் கேட்டுவிடுவதுதான் அங்கே மரியாதை.

மூன்றாவது பத்தியை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். மறுப்பதற்கு ஒரு வழி இல்லாத இடத்தில் மனிதர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுக்குக் கிடைத்த பத்து நாள் அமைதியும் அப்படி ஒன்றாக இருக்கலாம். “இப்ப சரிவராது தங்கச்சி” என்று ஒரு வரி வந்தால்கூட உங்களுக்கு லாபம்தான், காத்திருப்பு முடிந்துவிடும், உறவும் கெடாது.

அடுத்து, அக்கா அப்படியே மேலே அனுப்ப வேண்டிய பத்தி. முழுக் காரியமும் இதில்தான் நிற்கிறது. முகாமையாளர் தமிழ் வாசிக்காதவராக இருக்கலாம் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், தனிச் செய்தியாக அனுப்புங்கள். அக்கா அதை மட்டும் அழுத்திப் பிடித்துப் பகிர முடிய வேண்டும். “அக்கா” என்ற விளிப்போ “யாருக்கும் தெரியாது” என்ற வரியோ அதில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதில் வர வேண்டியதை இங்கே தமிழில் காட்டுகிறேன்:

> ஹட்டன் பகுதியில் உயர்நிலத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 5 வருடமாகத் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு நாளும் ட்ரையர் வாயில் மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்ப்பதும், இன்வொய்ஸ் போடுமுன் ஒவ்வொரு தரத்தின் மாதிரியையும் சுவை பார்த்துப் பதிவதும் என் பொறுப்பு. தரகர் அறிக்கையில் குறை வந்தால் அந்த நாளின் வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காரணம் எழுதிக் கொடுக்கிறேன். உங்கள் தர உறுதிப்பாட்டு உதவியாளர் வெற்றிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். சுயவிபரக்கோவை இணைக்கப்பட்டுள்ளது.

இது நான் ஊகித்து எழுதியது. நீங்கள் உண்மையில் செய்வதை மட்டும் போடுங்கள். தரகர் அறிக்கையை நீங்கள் கண்ணால் பார்த்ததே இல்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும். எழுதாமல் விட்டதையும் கவனியுங்கள்: ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்கும் திறன்’, ‘எதையும் கற்கும் ஆர்வம்’ எதுவும் இல்லை. ஏற்றுமதிக் கம்பனியில் தரம் பார்க்கிறவருக்கு அவை ஒன்றும் சொல்லாது. ‘ட்ரையர் வாய் மாதிரி’ என்ற சொல் சொல்லும். உலர்த்தி முடிந்த தேயிலையில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும். அது கூடிப் போன சாக்கு களஞ்சியத்தில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், அதைத் தினமும் பார்த்தவர் நீங்கள் என்பதும் அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும். தோட்டப் பேச்சில் ‘ஸ்டோர்’ என்றால் தொழிற்சாலை. கொழும்பு வாசகருக்கு அது களஞ்சியம். ஆகவே அந்தப் பத்தியில் மட்டும் தொழிற்சாலை என்றே இருக்கட்டும்.

உங்கள் கடைசி வரியில் உள்ள பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். மலையகத் தேயிலை வட்டாரம் சின்னது. தொழிற்சாலை அதிகாரி, தரகர், ஏற்றுமதியாளர் மூவரும் வாரம் ஒரு தடவையாவது ஏதோ ஒரு மாதிரியைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள். தனிச் செய்தியை லிங்க்ட்இன் வேறு யாருக்கும் காட்டாது. கசிவு வேறு வழிகளில்தான் நடக்கும். உங்கள் பக்கத்தில் வேலை தேடுவதாகப் பச்சை வளையம் போட்டிருந்தால் அது உங்கள் இப்போதைய மேலாளர் உட்பட எல்லோருக்கும் தெரியும். ஆட்சேர்ப்பவர்களுக்கு மட்டும் காட்டும் தெரிவு ஒன்று உண்டு. அதில் உங்கள் சொந்தக் கம்பனியின் ஆட்சேர்ப்பவர்களுக்கு மறைக்க முயற்சிப்பதாகத்தான் லிங்க்ட்இன் சொல்கிறதே தவிர உத்தரவாதம் தரவில்லை. உங்களுக்கு இப்போது ஆள் நேரடியாகத் தெரிந்திருப்பதால் இரண்டுமே வேண்டாம். பத்து நாளுக்குள் பக்கத்தை முழுக்க மாற்றி எழுதுவதும், பழைய ஆட்களிடமிருந்து நற்சான்றுகள் வரிசையாக விழுவதும் அதே அளவுக்குக் காட்டிக்கொடுக்கும். அக்காவின் நற்சான்று இப்போது வராதது ஒரு வகையில் நல்லதாகவே போனது.

சுயவிபரக்கோவையின் அடியில் உறவினரல்லாத இருவரின் பெயர் போடும் வழக்கம் நமக்கு உண்டு. அதில் இப்போதைய தொழிற்சாலை அதிகாரியின் பெயர் இருந்தால், அவரிடம் நேர்முகத்துக்கு முன்பே தொலைபேசி அழைப்பு போய்விடும் ஆபத்து இருக்கிறது. “வேலை உறுதியானதும் தருகிறேன்” என்று ஒரு வரி போட்டு அந்த இடத்தை விட்டுவிடலாம். அக்காவின் பெயரை அங்கே போட வேண்டாம். அந்தக் கம்பனியின் ஊழியரே அதே கம்பனிக்கு நடுநிலைச் சாட்சியாக நிற்பது எடுபடாது, அவர் அறிமுகத்தில் சொன்னதற்கு மேல் அது எதையும் கூட்டாது.

அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் பதற வேண்டாம். லிங்க்ட்இன்னில் செய்தி போய் 60 நிமிடத்துக்குள் அதைத் திருத்தவோ அழிக்கவோ முடியும். இணைப்பு திறக்கிறதா, கோப்பு சரியானதா என்று அந்த ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு தொலைபேசியில் பார்த்துவிடுங்கள்.

இனி வரக்கூடிய பதில்கள். அக்கா “சரி, அனுப்பிட்டேன்” என்றால் அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டு அவரை விட்டுவிடுங்கள். “என்ன சொன்னாங்க?” என்று இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்பது, கொடுத்த உதவியைக் கடனாக மாற்றிவிடும். முகாமையாளரையும் உங்களையும் ஒரே உரையாடலில் சேர்த்து விட்டால், ஒரு நாளுக்குள் நீங்கள் முதல் பதில் எழுத வேண்டும். அதில் அக்காவுக்கு ஒரு வரி நன்றி, மீதி முகாமையாளருக்கு.

“நீயே அவருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பு, நான் சொல்லி வைக்கிறேன்” என்று சொல்லலாம். இங்கேதான் நிறையப் பேர் கைதவறுகிறார்கள். தொலைபேசியில் ‘Connect’ என்பதை நேராக அழுத்தினால் குறிப்பு எழுதக் கேட்காமலே கோரிக்கை போய்விடலாம். அவருடைய பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘Personalize invite’ என்பதை எடுங்கள். இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்து அளவுதான் இடம், மாதத்துக்குச் சில குறிப்புகள்தான் அனுமதி. தமிழில் எழுதினால் இடம் இன்னும் வேகமாகத் தீரும். ‘தேயிலை’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு உயிர்க்குறிகளையும் சேர்த்து ஆறு. அந்த இடத்துக்குள் மூன்றே விடயம் போதும்: யார் சொல்லி எழுதுகிறீர்கள், எந்த வெற்றிடம், இப்போது என்ன வேலை. கெஞ்சலுக்கு அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை.

அக்கா மறுத்தால், “பரவாயில்லை அக்கா, சொன்னதுக்கு நன்றி” என்பதோடு நிறுத்துங்கள். காரணம் கேட்காதீர்கள். ஒருவேளை அந்தப் பதவிக்கு உள்ளேயே ஆள் பார்த்திருக்கலாம், அதை அவரால் எழுத்தில் சொல்ல முடியாது. பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, விண்ணப்பிக்கும் அன்று, “அக்கா, இன்னைக்கு விண்ணப்பிச்சுட்டேன், தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்” என்று ஒரே வரி. அதில் கேள்வி எதுவும் இல்லை, ஆகவே அவருக்குச் சுமையும் இல்லை. அதே நேரம் முகாமையாளர் “இவர் உங்கள் பழைய தொழிற்சாலை ஆளாமே?” என்று கேட்டால் அக்கா வெறும் கையோடு நிற்க மாட்டார். அதற்கு மேல் மூன்றாவது முறை எழுத வேண்டாம். அவர் வீட்டு ஆட்களிடமோ ஊர்க்காரர்களிடமோ சொல்லி அனுப்பவும் வேண்டாம்.

நற்சான்றை, இந்த வெற்றிடத்தின் முடிவு எதுவானாலும், ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பொத்தானை அழுத்துமுன் உங்கள் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கலாம். 5 வருடத்தையும் ‘உதவியாளர்’ என்று ஒரே வரியாகப் போட்டிருந்தால், பயிலுனராக இருந்த காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் இரண்டு பதவிகளாகப் பிரியுங்கள். கோரிக்கை அனுப்பும்போது ‘அப்போது உங்கள் பதவி என்ன’ என்று லிங்க்ட்இன் கேட்கும், உங்கள் பக்கத்தில் உள்ளவற்றிலிருந்துதான் தெரிவு செய்ய முடியும். பிரிக்காவிட்டால் அக்கா “பயிலுனராகச் சேர்ந்தபோது…” என்று எழுத, மேலே உதவியாளர் என்று நிற்கும். உறவு என்ன என்ற கேள்விக்கும் உள்ளதைப் போடுங்கள். அவர் உங்களுக்கு மூத்தவர், ஆனால் நேரடி மேலதிகாரி இல்லை என்றால் அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. மேலதிகாரி என்று உயர்த்திப் போட்டால் அக்கா அதைப் பார்த்ததும் எழுதாமல் விட்டுவிடுவார்.

கோரிக்கையோடு போகும் ஆயத்த வாக்கியத்தை அழித்துவிட்டு, அவருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு காரியத்தை எழுதுங்கள். “ஈரப்பதமானி பழுதான வாரம் நாம ரெண்டு பேரும் அடுப்புல காயவச்சு நிறுத்துப் பார்த்தோமே, அதைப் பற்றி நாலு வரி எழுத முடியுமா அக்கா?” என்பது போல, உங்கள் இருவருக்கும் நடந்த ஏதாவது. “என்னைப் பற்றி ஏதாவது எழுதுங்க” என்று கேட்டால் ‘நேர்மையானவர், சுறுசுறுப்பானவர்’ என்றுதான் வரும். அந்த வரியை யார் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும், அதனால் யாரும் படிப்பதில்லை.

“நீயே எழுதி அனுப்பு, நான் போட்டுடுறேன்” என்று அவர் சொன்னால், அந்த 2 வருடத்தில் அவர் பார்த்த நிகழ்ச்சியை மட்டும் எழுதிக் கொடுங்கள், புகழ்ச்சொல்லை அவர் இஷ்டத்துக்கு விடுங்கள். எழுதி வந்ததும் அது தானாக உங்கள் பக்கத்தில் ஏறாது, நீங்கள் பார்த்து ஏற்ற வேண்டும். பதவியோ வருடமோ பிழையாக இருந்தால் திருத்தம் கேட்கும் வழி அங்கேயே உண்டு. இப்போதைய வேலையில்தான் அப்போதும் இருக்கிறீர்கள் என்றால், ஏற்றாமல் அப்படியே வைத்திருந்து, இடம் மாறிய பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள்.